மாவு சாயும்போது சொல் விழ வேண்டும்

மேசைமேல் வைத்து அரைக்கும் சிறிய வெட் கிரைண்டருக்கு 30 நொடியில் ஒரு செயல்விளக்க ரீல். அதில் 18ஆவது நொடியிலிருந்து 23ஆவது நொடி வரை ஒரே ஷாட். முதலில் ஒரு கை லாக்கை விடுவிக்கிறது. 19.5இல் டிரம் முன்பக்கமாகச் சாய்கிறது. 21இல் உளுந்து மாவு மொத்தையாகச் சரிந்து பாத்திரத்தில் விழுகிறது. பார்க்க அருமையான காட்சி. இதற்குக் கோவையில் கிரைண்டர் தயாரிக்கும் பெரியவர் ஒருவர் தம் கைப்பட எழுதிக்கொடுத்திருந்த குரல் வரி இது:

"டிரம்மைத் தூக்காமலேயே மாவை எளிதாகப் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள உதவும் டில்டிங் வசதி."

தாளில் படித்தால் குறை ஒன்றும் தெரியாது. பிழையில்லாத தமிழ், சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறது. படத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். டிரம் சாயும்போது குரல் "மாவை எளிதாக" என்ற இடத்தில் நிற்கிறது. "டில்டிங்" என்ற சொல் வரும்போது மாவு இறங்கிப் பாத்திரம் நிறையப் போகிறது. "வசதி" என்று முடியும்போது காட்சி மாறி, குழாயடியில் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கண் ஒன்றைப் பார்க்க, காது வேறொன்றைக் கேட்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. விளக்கம் ஏதோ குழப்பமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

வரி நீளம் என்று சொல்லி இரண்டு சொற்களை வெட்டுவார்கள். அதனால் பெரிய பயன் இருக்காது. இங்கே முதல் கோளாறு வரிசையில் இருக்கிறது. தமிழ் வாக்கியம் தன் கனத்தைக் கடைசியில் வைக்கிறது. வினைமுற்று இறுதியில் வரும். ஒரு பொருளை விவரிக்கும் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வரிசை கட்டி நிற்க, பொருளின் பெயர் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். பேச்சிலும் கட்டுரையிலும் இது நமக்கு இடைஞ்சலே இல்லை. படம் ஓடும்போது மட்டும் இது கணக்குப் போட வேண்டிய விஷயமாகிறது. காட்சியில் செயல் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அதைச் சொல்லும் சொல்லோ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதி, அதற்கேற்ப வெட்டி முடித்த ரீலுக்குத் தமிழில் குரல் கொடுக்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அங்கே ஏவல் வினை வாக்கியத்தின் தலையிலேயே இருக்கும். படமும் அதற்கேற்பத் தொடக்கத்திலேயே செயலைக் காட்டியிருக்கும். அதை அப்படியே மொழிபெயர்த்தால் சொல் எல்லாம் பிந்தும்.

ஆகவே குரல் வரியை நான் பின்னாலிருந்து எழுதுகிறேன். முதலில் அந்த ஷாட்டில் எந்தச் சொல் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்று முடிவு செய்கிறேன். மேலே சொன்ன ஷாட்டுக்கு அந்தச் சொல் "சாய்". அது விழ வேண்டிய இடம் 19.5ஐ ஒட்டி. ஷாட் தொடங்குவது 18இல். அப்படியானால் "சாய்" என்பதற்கு முன்னால் பேசக் கிடைப்பது ஒன்றரை நொடி. அதற்குள் என்ன சொல்ல முடியும் என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு அளவுகோல் வேண்டும்.

ஆங்கிலத்தில் குரல் எழுதுகிறவர்கள் சொல் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்பது அவர்களிடம் பரவலாக வழங்கும் அளவு. அதைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். "வா" என்பதும் ஒரு சொல், "ஊற்றிக்கொண்டிருக்கும்போதே" என்பதும் ஒரு சொல். தமிழில் எழுத்தை எண்ண வேண்டும். அதிலும் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ண வேண்டும். "பாத்திரத்தில்" என்றால் பா, தி, ர, தி என்று நான்கு. நிதானமான விளக்கக் குரலுக்கு நொடிக்கு ஐந்து முதல் ஆறு எழுத்து என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது. நான் ஐந்தரை என்று கணக்கிடுகிறேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று இலக்கணம் படித்தவர்களுக்கு ஒன்று உடனே தோன்றும்: நெடில் நிறைந்த வரி இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் நீளும். உண்மைதான். இது முதல் வரைவுக்கான கணக்கு மட்டும். கடைசியில் வாய்விட்டுப் படித்துக் கைபேசியின் ஸ்டாப்வாட்ச் சொல்வதுதான் தீர்ப்பு.

இப்போது பெரியவரின் வரியை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 30 எழுத்து. ஐந்தரை நொடி பிடிக்கும். ஷாட்டோ ஐந்து நொடி. "டில்டிங்" என்ற சொல்லுக்கு முன்னால் 25 எழுத்து, அதாவது நாலரை நொடி. 18இல் பேசத் தொடங்கினால் அந்தச் சொல் 22.5இல் வந்து சேரும். டிரம் சாய்ந்ததோ 19.5இல். மூன்று நொடி தாமதம்.

மாற்றி எழுதியபோது முதலில் வந்த வரி: "லாக்கை எடுங்க. அப்படியே சாய்ச்சிடுங்க." காதுக்கு நன்றாக இருந்தது, "அப்படியே" என்பதில் செயலின் எளிமையும் தெரிந்தது. ஆனால் அந்த ஒரு சொல் நான்கு எழுத்து. அது "சாய்" என்பதை முக்கால் நொடிக்கு நெருக்கமாகத் தள்ளிவிட்டது. எடுத்துவிட்டேன். "லாக்கை எடுங்க." இது ஐந்து எழுத்து, ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஒரு சின்ன இடைவெளி. "சாய்ச்சிடுங்க." சொல்லும் டிரம்மும் சேர்ந்து சாய்கின்றன. அப்புறம் மாவு விழும் வரை குரல் கிடையாது. மாவு பாத்திரத்தில் விழுந்த பிறகு, 22இல் இரண்டே சொல்: "தூக்க வேண்டாம்." பெரியவர் வரியின் முதல் பாதியில் வைத்திருந்த பயன் இப்போது கடைசிக்கு வந்துவிட்டது. தூக்காமல் சாய்ப்பதைக் கண்ணால் பார்த்து முடித்த பிறகு அந்தப் பயனைச் சொன்னால்தான் அது மனதில் ஏறும்.

பேச்சுத் தமிழில் எழுதுவதற்கும் இதுவே காரணம். "வேண்டியதில்லை" என்றால் ஐந்து எழுத்து, "வேண்டாம்" இரண்டு. வீட்டுச் சாமான் விளக்கத்துக்கு எழுத்துத் தமிழ் அந்நியமாக ஒலிக்கும் என்பது ஒருபக்கம். நொடிக்கணக்கிலும் அது கட்டுப்படியாகாது. குரல் கொடுப்பவரே பார்த்துக்கொள்வார் என்று எழுத்துத் தமிழில் கொடுத்துவிட்டால், அவர் பேசும்போது பாதியைப் பேச்சாகவும் பாதியை எழுத்தாகவும் படிப்பார். தாளிலேயே "சாய்ச்சிடுங்க" என்று ஒலிக்கிறபடி எழுதிவிட வேண்டும்.

படம் முதலா, எழுத்து முதலா என்று பலர் கேட்பார்கள். செயல்விளக்க ரீலைப் பொறுத்தவரை படம்தான் முதல். மாவு தன் வேகத்தில்தான் சரியும். கல் தன் வேகத்தில்தான் சுற்றும். லாக்கை விடுவிக்கக் கைக்கு வேண்டிய நேரத்தை யாரும் குறைக்க முடியாது. முழுப் படப்பிடிப்புக்கு முன்னால் கைபேசியிலேயே ஒவ்வொரு செயலையும் ஒருமுறை பிடித்து, ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று குறித்துக்கொள்வது நல்லது. அதை எடிட்டர் 30 நொடிக்குள் கரடுமுரடாக வெட்டிக்கொடுத்தால், எழுதுகிறவருக்கு ஒரு சட்டகம் கிடைத்துவிடுகிறது. தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நொடியும் காட்சியும், வலப்பக்கம் குரல். வலப்பக்கத்தில் எழுதுவதற்கு முன்னால் இடப்பக்கத்தை முடித்துவிட வேண்டும்.

இனி வலப்பக்கத்தில் என்ன எழுதுவது? ஒரு விதியை நான் கறாராக வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதைக் குரல் சொல்லக் கூடாது. உளுந்து டிரம்மில் விழுவதைக் காட்டிக்கொண்டே "ஊறிய உளுந்தை டிரம்மில் போடுகிறோம்" என்று சொன்னால் அந்த இரண்டு நொடி வீண். படம் காட்ட முடியாதவை சில உண்டு: சூடு, கனம், மணம், ஆகும் நேரம், ஏன் என்ற காரணம். அவை குரலின் வேலை. கையால் மாவைத் தொடுவது படத்தில் தெரியும். கை சுடவில்லை என்பது தெரியாது. டிரம் சாய்வது தெரியும். அது எவ்வளவு கனம், தூக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது தெரியாது. "லாக்கை எடுங்க, சாய்ச்சிடுங்க" மட்டும் இந்த விதிக்கு விலக்கு. ஏனென்றால் அது வர்ணனை கிடையாது, செய்முறை. நாளை அந்தக் கிரைண்டரை வாங்கி வைத்துக்கொண்டு சாய்க்கப் பார்க்கிறவருக்கு முதலில் லாக்கை எடுக்க வேண்டும் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

முழு ரீலும் கடைசியில் இப்படி அமைந்தது.

0 – 3: ஆவி பறக்கும் இட்லியை விரல்கள் இரண்டாகப் பிட்கின்றன. குரல்: "இட்லி பூ மாதிரி வரணும்னா…"

3 – 7: ஊறிய உளுந்து டிரம்மில் விழுகிறது. குரல்: "உளுந்து பதமா அரையணும்."

7 – 10: விரல் சுவிட்சைத் தட்டுகிறது, கல் சுற்றத் தொடங்குகிறது. குரல் இல்லை.

10 – 15: வேகம் கூட்டிய காட்சி. மாவு மெல்ல மெல்ல எழும்பிக் கல்லை மூடுகிறது. குரல்: "கல்லு மெதுவாத்தான் சுத்துது. அதனாலதான் மாவு பொங்குது."

15 – 18: கல் நின்றதும் ஒரு கை மாவைத் தொடுகிறது. குரல்: "தொட்டுப் பாருங்க. கை சுடலை."

18 – 23: லாக், சாய்வு, மாவு இறங்குதல். குரல்: "லாக்கை எடுங்க. சாய்ச்சிடுங்க." இடைவெளி. "தூக்க வேண்டாம்."

23 – 26: கல்லைக் கழற்றிக் குழாயில் காட்டுகிறார்கள். குரல்: "கழுவ ரெண்டே நிமிஷம்."

26 – 30: கிரைண்டரின் முழு உருவம், பெயர், விலை. குரல்: நிறுவனத்தின் பெயர், பிறகு "மோட்டாருக்கு அஞ்சு வருஷ வாரண்டி."

நிறுவனத்தின் பெயருக்கு நான்கு எழுத்து சேர்த்து, எல்லாம் எண்ணினால் 85. ஐந்தரைக் கணக்கில் பதினைந்தரை நொடி. அதாவது ரீலில் பாதி நேரம்தான் குரல். மீதியில் இட்லியின் ஆவி, உளுந்து விழும் சலசலப்பு, கல்லின் உருளல், குழாய்த் தண்ணீர்.

பெரியவருக்கு முதலில் இது ஒப்பவில்லை. "ஏனுங்க தம்பி, ஏழுல இருந்து பத்து வரைக்கும் பேச்சே காணோமே? காசு குடுத்து எடுக்கறமுங்களே" என்றார். "ஐயா, அந்த மூணு நொடியில உங்க மிஷினு பேசுதுங்க. கிரைண்டர் வாங்கறவங்க சத்தம் எப்படி இருக்கும்னுதான் மொதல்ல கேட்பாங்க" என்றேன். கடையில் அவர் அதைத் தினமும் கேட்கிறவர்தான், சட்டென்று ஒத்துக்கொண்டார். செயல்விளக்கத்தில் பொருளின் ஒலி ஒரு சாட்சி. அதன்மேல் குரலைப் போர்த்தினால் சாட்சியை மறைத்துவிடுகிறோம். பின்னணி இசையை ஏற்றி அதை அமுக்குவதும் அதே தவறு.

முதல் இரண்டு வரிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ் வாக்கியம் கடைசிவரை காத்திருக்க வைக்கிறது என்பதைக் குறையாகவே இதுவரை சொன்னேன். இங்கே அது உதவிக்கு வருகிறது. "வரணும்னா" என்று நிறுத்தினால் கேட்பவர் மனதில் வாக்கியம் முடிவதில்லை. அடுத்த பாதிக்குக் காது காத்திருக்கும். காட்சி வெட்டுப்பட்டு உளுந்துக்கு வரும்போது மீதி வாக்கியமும் அங்கே வருகிறது. வெட்டுக்கு இந்தப்பக்கம் கேள்வி, அந்தப்பக்கம் விடை. ரீலில் மூன்றாவது நொடி ஆபத்தான இடம். விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடக்கூடிய நேரம். அந்த இடத்தில் முற்றுப்பெற்ற வாக்கியம் நிற்கக் கூடாது. "வந்தா", "இருந்தா", "அரைச்சதும்" போன்ற எச்சங்களை வெட்டுக்குப் பாலமாக வைப்பது தமிழுக்கே இயல்பான வசதி. எழுதுகிறவர்கள் இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம்.

நான்காவது வரியிலும் விழ வேண்டிய சொல் கடைசியில்தான் இருக்கிறது: "பொங்குது". இங்கே அது பொருந்தும். ஏனென்றால் மாவு எழும்புவதும் ஷாட்டின் கடைசியில்தான். 10.5இல் பேசத் தொடங்கி, இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அரை நொடி மூச்சு விட்டால், "பொங்குது" 14ஐ ஒட்டி விழும். எடிட்டரிடம் சொல்லி, வேகம் கூட்டிய காட்சியில் மாவு கல்லை மூடும் கணத்தை அங்கே கொண்டுவந்தோம். சில இடத்தில் சொல் படத்துக்கு இடம் தரும். சில இடத்தில் படம் சொல்லுக்கு இடம் தரும். வேகம் கூட்டும் ஷாட்டை வேண்டியபடி நீட்டலாம், சுருக்கலாம் என்பதால் அங்கே படத்தை நகர்த்துவது எளிது. சாய்க்கும் ஷாட்டில் அது முடியாது. வேகத்தை மாற்றினால் மாவு தண்ணீர் போலத் தெரியும்.

அடுத்தது, சொன்னது உண்மையா என்பது. பெரியவரின் முதல் வரைவில் "மாவு சூடே ஆகாது" என்று இருந்தது. கல்லும் கல்லும் உரசி அரைக்கும் எதிலும் கொஞ்சம் சூடு ஏறத்தான் செய்யும். மிக்ஸியோடு ஒப்பிட்டால் குறைவு, அவ்வளவுதான். "கை சுடலை" என்பது படப்பிடிப்பில் நடந்ததை மட்டும் சொல்கிறது, அதைப் பார்ப்பவர் கண்ணெதிரே சொல்கிறது. இந்த வரியை அடக்கமாகச் சொன்னதாலேயே நம்பும்படியாக இருக்கிறது. "கழுவ ரெண்டே நிமிஷம்" என்பதையும் அப்படித்தான் அணுக வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் கழுவுகிற மாதிரி டிரம்மையும் கல்லையும் கழுவிப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் முடிந்தால் மட்டுமே அதை எழுதலாம். மூன்று ஆனால் மூன்று என்றே எழுதுவது. எழுத்துக்கணக்கு ஒன்றும் பெரிதாக மாறிவிடாது.

இது நேர்மையோடு முடிந்துவிடும் விஷயமில்லை, சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நிபந்தனைக் குறிப்புகளைப் பற்றி அதில் சொல்லியிருப்பது குரல் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் குறிப்பும் இருக்க வேண்டும். உரிமைகோரல் குரலில் வந்தால், குறிப்பு அந்தக் குரலோடு ஒத்திசைந்து திரையில் வர வேண்டும். அதாவது "அஞ்சு வருஷ வாரண்டி" என்று தமிழில் சொல்லிவிட்டு, கடைசி அரை நொடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனையை ஓடவிடக் கூடாது. பல கிரைண்டர்களில் மோட்டாருக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு வேறு காலம் என்று இருக்கும். அதனால்தான் "மோட்டாருக்கு" என்ற நான்கு எழுத்தை நான் விடவே இல்லை. அந்தச் சொல் இருந்தால் வரி தானே முழு உண்மையாகிவிடுகிறது. மற்ற பாகங்களின் காலத்தைக் குரல் ஒலிக்கும்போதே திரையில் தமிழில் வைத்தோம். வேகம் கூட்டிய ஷாட்டிலும் "வேகம் கூட்டிய காட்சி, அரைத்த நேரம் 30 நிமிடம்" என்று எழுத்து நிற்கிறது. ஐந்து நொடியில் அரைபட்டதாக யாரும் நம்பப் போவதில்லை. ஆனாலும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய தகவல். இந்த எழுத்துகளைத் திரையின் அடி ஓரத்தில் வைக்காமல் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் தலைப்பு வரிகளும் மறைத்துவிடும்.

பதிவுக்குப் போகும் முன்னால் எழுதியவரே தம் குரலில் கைபேசியில் படித்து, எடிட்டரிடம் கொடுத்து டைம்லைனில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கிராட்ச் என்று சொல்வார்கள். நல்ல குரல் தேவையில்லை; நேரம் தெரிந்தால் போதும். எந்த வரி அடுத்த ஷாட்டுக்குள் வழிகிறது, எங்கே மூச்சுவிட இடமில்லை என்பது இதில் உடனே அகப்பட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: எழுதியவருக்கு வரி மனப்பாடம் என்பதால் வேகமாகப் படித்துவிடுவார். முதன்முதலில் கேட்பவருக்கு அந்த வேகம் கூடாது. யாராவது ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அவர் படிக்கும்போது அளப்பது இன்னும் பாதுகாப்பு. அப்படிப் படிக்கும்போது அவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தை மாற்றி எழுத வேண்டும். "பதமா அரையணும்" என்பது முதலில் "பக்குவமா அரைபடணும்" என்று இருந்தது. படித்தவர் இடறிய இடம் அதுதான்.

குரல் கொடுக்கும் கலைஞருக்குத் தாளில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தச் சொல் எந்த நொடியில் விழ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எண்களை எப்படி உச்சரிக்க வேண்டும். விழ வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. நிறுத்தத்துக்குச் சாய்கோடு. எண் எல்லாம் எழுத்தில்: "5" என்று போடாமல் "அஞ்சு". பெரும்பாலான ஸ்டுடியோக்களில் படத்தை ஓட்டிக்கொண்டே பேச வைப்பார்கள். முடிந்தால் அப்படியே செய்யுங்கள். டிரம் சாய்வதைப் பார்த்துக்கொண்டு "சாய்ச்சிடுங்க" என்று சொல்லும் குரலில் கையசைவின் இழுப்பும் வந்துவிடும்.

எடிட்டில் கடைசியாக ஒரு நுணுக்கம். சொல் படத்துக்குக் கொஞ்சம் பிந்தலாம், முந்தக் கூடாது. ஒளிபரப்பில் ஒலியும் படமும் ஒத்துப்போவதைப் பற்றி சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்திருக்கும் பரிந்துரையில், ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 மில்லிநொடி வரை கண்டுபிடிப்பதில்லை என்று இருக்கிறது. அது உதடசைவு போன்றவற்றுக்கான அளவு; விளக்கக் குரலுக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் இயல்பு ஒன்றே. கண் முதலில் டிரம் அசைவதைப் பார்க்க வேண்டும், கால் நொடி கழித்துச் சொல் அதை உறுதிப்படுத்த வேண்டும். முன்னாலேயே சொல்லிவிட்டால் பார்ப்பவர் அசைவுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் காட்சியின் வேகம் செத்துவிடும். சுவிட்சைத் தட்டும் "டக்" ஒலி மட்டும் அதே ஃப்ரேமில் இருக்க வேண்டும். 25 ஃப்ரேமில் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிநொடி. இரண்டு ஃப்ரேம் முந்தினாலும் அந்த ஒலி ஒட்டவைத்தது போலத் தெரியும்.

விலையைக் குரலில் வைக்கச் சொல்லிப் பெரியவர் கடைசிவரை கேட்டார். ₹5,499 என்பது தாளில் ஒரு சின்ன எண். வாயில் அது "ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்". எண்ணிப் பார்த்தால் 16 எழுத்து, மூன்று நொடி. கடைசி ஷாட் மொத்தமே நான்கு நொடி. அதைச் சொன்னால் வாரண்டிக்கு இடமிருக்காது, நிறுவனத்தின் பெயரும் ஓட்டத்தில் கரைந்துபோகும். இன்னொரு காரணமும் இருக்கிறது. தீபாவளிக்குத் தள்ளுபடி வரும், தாமிர விலை ஏறினால் கிரைண்டரின் விலையும் ஏறும். எழுத்தில் இருக்கும் விலையை எடிட்டர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். குரலில் இருக்கும் விலைக்குக் கலைஞரைத் திரும்ப அழைக்க வேண்டும், ஸ்டுடியோவுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும், அதே குரல் அதே தொனியில் கிடைக்க வேண்டும். உங்கள் கடைக்கோ தயாரிப்புக்கோ ரீல் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அடிக்கடி மாறக்கூடிய எதையும் குரலில் சொல்லாதீர்கள், திரையில் எழுதுங்கள்.